மாதத்துக்கு மாதம் சம்பளம் மாறுபவர் சராசரி மாத வருமானம் கணக்கிடுவது எப்படி: 12 சம்பளச் சீட்டுகளை வைத்து ஒரு வழிகாட்டி

வங்கியில் கடன் விண்ணப்பத்தை நீட்டினால் அதில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஓ.டி. பார்த்துச் சம்பாதிப்பவர் அங்கேதான் பேனாவை நிறுத்துவார். போன மாதம் 21,000 வந்தது, அதற்கு முந்தைய மாதம் 18,000, டிசம்பரில் அதுவும் இல்லை. எதை எழுதுவது? பெரும்பாலானவர்கள் கடைசியாக வந்த தொகையை எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் நினைவில் நிற்கும் பெரிய தொகையை எழுதுகிறார்கள். அந்தத் தொகையை நம்பி இ.எம்.ஐ. போட்ட பிறகுதான் சிக்கல் தெரியும்.

கணக்கு என்னவோ சின்னதுதான், 12 மாதச் சீட்டைக் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் எந்தத் தொகையைக் கூட்டுவது, எதை விடுவது, வந்த சராசரியை எதற்கு நம்பலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரை வைத்து இதைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, ஆனால் அந்தப் பக்கத்துச் சீட்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, வீட்டு வாடகைப்படியும் மற்ற படிகளும் 3,000, ஆக 15,000 நிலையானது. ஒரு நாள்கூட லீவு போடாத மாதத்தில் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் 1,000. அதற்கு மேல் வருவதெல்லாம் ஓ.டி.

முதலில் 12 சீட்டையும் சேருங்கள்

தொடர்ச்சியான 12 மாதம் வேண்டும். நடுவில் ஒரு மாதத்தை விட்டுவிட்டு அதற்குப் பதிலாகப் பழைய சீட்டு ஒன்றைச் செருகினால் கணக்கு கெட்டுவிடும், ஏனென்றால் தீபாவளி, பொங்கல், ஆண்டு இறுதி உற்பத்தி நெருக்கடி எல்லாம் தலா ஒரு முறை வந்தாக வேண்டும். சீட்டு காணாமல் போயிருந்தால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள், அதிகமான இடங்களில் இப்போது பி.டி.எஃப். ஆகவே அனுப்பிவிடுகிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்து அந்த மாதத்தைச் சமாளித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அதில் தெரிவது பி.எஃப். பிடித்த சம்பளம் மட்டும்தான், அதாவது நம் ஆளுக்குச் சம்பளமில்லா லீவு போடாத எல்லா மாதமும் 12,000 என்றுதான் காட்டும். ஓ.டி. அதில் வராது. வங்கிக் கணக்கில் விழுந்த தொகை ஓரளவு உதவும், ஆனால் அதில் பிடித்தம் எல்லாம் போன பிறகான தொகைதான் இருக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. சில கம்பெனிகளில் ஓ.டி. கணக்கை 20 அல்லது 21-ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள், அதற்குப் பின் பார்த்த ஓ.டி. அடுத்த மாதச் சீட்டில்தான் வரும். இதைப் பிரித்துச் சரிசெய்ய உட்கார வேண்டாம். சீட்டில் எந்த மாதம் அச்சாகி இருக்கிறதோ அந்த மாதத்தில் வையுங்கள், 12 மாதத்திலும் அதையே செய்யுங்கள், போதும்.

எந்த வரியை எடுப்பது

சீட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் பிடித்தம், கீழே கையில் வருவது. இடது பக்கத்தின் கூட்டுத்தொகைதான் கிராஸ், கீழே இருப்பது நெட். வங்கி, அலுவலகம் போன்ற இடங்களில் கிராஸ் கேட்டால் கிராஸ், நெட் கேட்டால் நெட். வீட்டுச் செலவுக்குத் திட்டம் போட நெட்தான் வேண்டும். இரண்டையும் கலந்து ஒரு மாதத்துக்குக் கிராஸும் இன்னொரு மாதத்துக்கு நெட்டும் போட்டுவிடுவது புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி நடக்கும், அதனால் முதலில் கிராஸை மட்டும் 12 மாதத்துக்கும் எழுதி முடியுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு சீட்டின் இடது பக்கத்தையும் வரி வரியாகப் படியுங்கள். அடுத்த வருடமும் இதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாத தொகை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் ஆளின் சீட்டுகளில் அப்படி இரண்டு இருக்கின்றன. ஏப்ரலில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜனவரியில் இருந்து கணக்கிட்டு 2,700 அரியர்ஸ் வந்தது. அது போன ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கான பணம், நாம் எடுத்த 12 மாதத்துக்குள் உழைத்ததே இல்லை. அக்டோபரில் தீபாவளி போனஸ் 12,000. இது ஒவ்வொரு வருடமும் வரக்கூடியதுதான், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை வருவது. மாத வருமானத்தில் சேர்த்தால் மாதம் 1,000 கூடியதுபோல் தெரியும், ஆனால் ஜூன் மாதத்து மளிகைக் கடையில் அந்த 1,000 இருக்காது. தனியாக வையுங்கள். ஆண்டு வருமானம் கேட்கும் படிவத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

அரியர்ஸ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடவும் கூடாது. நவம்பரில் விட்டுப்போன ஓ.டி.யை டிசம்பரில் சேர்த்துக் கொடுத்தால் அது 12 மாதத்துக்குள் உழைத்த பணம், இருக்கட்டும். எந்தக் காலத்துக்கான பணம் என்பதைத்தான் பார்க்க வேண்டும், என்ன பெயரில் வந்தது என்பதை அல்ல.

| மாதம் | சீட்டில் கிராஸ் | நீக்கியது | வழக்கமான கிராஸ் | கையில் |
|---|---|---|---|---|
| ஏப்ரல் | 21,900 | 2,700 | 19,200 | 17,616 |
| மே | 13,800 | – | 13,800 | 12,448 |
| ஜூன் | 20,100 | – | 20,100 | 18,509 |
| ஜூலை | 21,400 | – | 21,400 | 19,799 |
| ஆகஸ்ட் | 20,600 | – | 20,600 | 17,755 |
| செப்டம்பர் | 22,200 | – | 22,200 | 20,593 |
| அக்டோபர் | 30,000 | 12,000 | 18,000 | 16,425 |
| நவம்பர் | 16,900 | – | 16,900 | 15,333 |
| டிசம்பர் | 16,000 | – | 16,000 | 14,440 |
| ஜனவரி | 16,500 | – | 16,500 | 13,686 |
| பிப்ரவரி | 18,700 | – | 18,700 | 17,119 |
| மார்ச் | 21,300 | – | 21,300 | 19,700 |

எதையும் நீக்காமல் கூட்டி வகுத்தால் 2,39,400-ஐ 12-ஆல் வகுத்து 19,950 வரும். நீக்கிய பிறகு 2,24,700, அதை 12-ஆல் வகுத்தால் 18,725. மாதம் 1,225 வித்தியாசம், அது முழுக்க இல்லாத பணம்.

இந்த 18,725 எதனால் ஆனது என்றும் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். நிலையான சம்பளம் சராசரியாக 14,833 (மே மாதம் 4 நாள் சம்பளமில்லா லீவு போட்டதில் 2,000 போனது), இன்சென்டிவ் 750, ஓ.டி. 3,142. அதாவது வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு, ஆர்டர் இருந்தால்தான் வரும் பணம். கடன் கொடுப்பவர்களும் ஓ.டி.யைத் தனியாகப் பார்ப்பது இதனால்தான். நிலையான சம்பளத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு, ஓ.டி.யில் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் எடுக்கும் இடங்கள் உண்டு. அதனால் வங்கிக்குப் போகும்போது மொத்தச் சராசரியோடு இந்தப் பிரிவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மே மாதத்தை என்ன செய்வது

இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்தவுடன் பலருக்குக் கை பரபரக்கும், “மே மாதம் வீட்டு விசேஷம், அதனால்தான் குறைந்தது, அதை விட்டுவிட்டு 11 மாதத்துக்குப் போடலாமே” என்று. வேண்டாம். அடுத்த வருடம் மே மாதத்தில் இல்லாவிட்டாலும் வேறு ஒரு மாதத்தில் ஒரு காய்ச்சலோ, காதுகுத்தோ, ஊர்த் திருவிழாவோ வரத்தான் போகிறது. லீவு நாள் வாழ்க்கையின் பகுதி, சராசரியிலும் அது இருக்கட்டும்.

உண்மையில் விட வேண்டிய மாதம் ஒன்று உண்டு. நோய் வந்து இ.எஸ்.ஐ. லீவில் இருந்த மாதம். அப்போது கம்பெனிச் சீட்டு கிட்டத்தட்டக் காலியாக இருக்கும், பணம் இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனில் இருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் (நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள்). “இந்த வேலையில் மாதம் எவ்வளவு சம்பாதிக்க முடியும்” என்ற கேள்விக்கு அந்த மாதத்தை நீக்கி, மீதி மாதங்களால் வகுங்கள், நீக்கியதைப் பக்கத்தில் எழுதியும் வையுங்கள். “என் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வந்தது” என்ற கேள்விக்கு அந்த மாதத்தை வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. பணத்தையும் சேருங்கள்.

வேலை மாறி நடுவில் ஒரு மாதம் சும்மா இருந்தவர் அந்த மாதத்துக்குப் பூஜ்ஜியம் போட வேண்டும். எக்செல், கூகுள் ஷீட் பயன்படுத்துபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். `AVERAGE` சூத்திரம் காலியான கட்டத்தை எண்ணாது, 11 மாதத்தால் வகுத்துவிடும். கட்டத்தில் 0 என்று அடித்தால்தான் 12-ஆல் வகுக்கும். பயமாக இருந்தால் வகுக்கும் எண்ணை நீங்களே எழுதிவிடுங்கள்:

```
=SUM(D2:D13)/12
```

கையில் வருவது

நம் ஆளுக்கு முக்கியமான கட்டாயப் பிடித்தம் மூன்று. பி.எஃப். 12 சதவீதம், அடிப்படைச் சம்பளம் பஞ்சப்படி மீது மட்டும், ஆகவே மாதம் 1,440 (லீவு போட்ட மே மாதத்தில் 1,248). இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், இதை ஓ.டி. மீதும் பிடித்ததாக வைத்திருக்கிறேன். தொழில்வரி அரையாண்டுக்கு ஒரு முறை, தமிழ்நாட்டில் இதை மாதாமாதம் பிடிப்பதில்லை. நம் ஆளுக்கு ஆகஸ்டிலும் ஜனவரியிலும் 1,250 வீதம் போனதாக வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 2,500-க்கு மேல் தொழில்வரி வாங்க முடியாது என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கும் உச்சவரம்பு. ஓ.டி.யில் இருந்து பி.எஃப். போகாது என்பதால் ஓ.டி. 1,000 வந்தால் ஏறக்குறைய 992 கைக்கு வந்துவிடும், அதே 1,000 அடிப்படைச் சம்பளத்தில் ஏறியிருந்தால் 872 தான். ஓ.டி. பணம் ‘கனமாக’த் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றும் போக வருடத்துக்கு 2,03,423, மாதச் சராசரி ஏறக்குறைய 16,950.

வலது பக்கத்தில் இருக்கும் மற்றதெல்லாம் பிடித்தம் மாதிரி தெரிந்தாலும் வருமானக் குறைவு அல்ல. ஜூன் மாதம் 6,000 அட்வான்ஸ் வாங்கி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் 2,000 வீதம் கழித்திருந்தால், வங்கியில் அந்த மூன்று மாதமும் 2,000 குறைவாக விழுந்திருக்கும். அது நீங்கள் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த சம்பளம். நெட் தொகையோடு அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள், ஜூனில் வந்த 6,000-ஐ வருமானம் என்று எழுதாமல் விடுங்கள். கூட்டுறவுச் சங்கத் தவணை, கேன்டீன் பணம், பஸ் பணம் எல்லாமே இதே வகை. அவை செலவுகள், செலவுப் பட்டியலில் போகட்டும். இல்லையென்றால் கேன்டீன் சாப்பாட்டை ஒரு தடவை வருமானத்தில் கழித்து, இன்னொரு தடவை சாப்பாட்டுச் செலவிலும் எழுதிவிடுவீர்கள்.

ஏன் 3 மாதம் போதாது

வங்கிகள் பெரும்பாலும் கடைசி 3 மாதச் சீட்டு அல்லது 6 மாதச் சீட்டு கேட்கும். அவர்களுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. மேலே உள்ள பட்டியலிலேயே பாருங்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை வழக்கமான கிராஸ் சராசரி 21,400. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே ஆளுக்கு 16,967. மாதம் 4,400-க்கு மேல் வித்தியாசம், ஒரு பைக் லோன் தவணை அளவுக்கு. செப்டம்பர் முடிந்ததும் கடன் வாங்கப் போனால் தகுதி அதிகமாக வரும், கொடுக்கவும் கொடுப்பார்கள். கட்ட வேண்டியது டிசம்பரில். அந்தத் தகுதியை முழுதாகப் பயன்படுத்துவது என் பார்வையில் தப்பு.

சராசரியை எதற்கு நம்பலாம்

வழிகாட்டிகள் பல இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் 16,950 என்பது நம் ஆள் எந்த மாதமும் வாங்காத தொகை. அதை மாதாமாதம் செலவழிக்க வேண்டுமானால் கூட வந்த மாதத்துப் பணம் குறைந்த மாதத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேருமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஏப்ரலில் கையிருப்பு பூஜ்ஜியம் என்று வைத்து, ஒவ்வொரு மாதமும் கையில் வந்ததில் 16,950 போக மீதியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

ஏப்ரல் முடிவில் 666 மிச்சம். மே முடிவில் 3,836 பற்றாக்குறை. ஜூனில் அது 2,277 ஆகக் குறைந்து, ஜூலையில்தான் 572 என்று மேலே வருகிறது. செப்டம்பர் முடிவில் 5,020 சேர்ந்திருக்கும், இதுதான் உச்சம். அதற்குப் பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நான்கு மாதமும் தொடர்ந்து சராசரிக்குக் கீழே, ஜனவரி முடிவில் மறுபடியும் 2,896 பற்றாக்குறை. உச்சத்தில் இருந்து பார்த்தால் நான்கே மாதத்தில் 7,900 கரைந்திருக்கிறது. மார்ச் முடியும்போது கணக்கு ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், சராசரி என்றாலே அதுதானே. ஆனால் நடுவில் இரண்டு முறை வட்டிக்கு வாங்கியிருப்பார்.

இதில் தெரிவது, இந்தச் சராசரியை நம்பி வாழ ஆரம்பிக்கும் நாளில் கையில் குறைந்தது 4,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும் என்பது. உங்கள் சீட்டில் இந்த எண் வேறாக வரும், கூட்டிக்கொண்டே வரும்போது எந்த மாதத்தில் பற்றாக்குறை மிக ஆழமாகப் போகிறதோ அதுதான் உங்கள் எண். ஆரம்பிக்கும் மாதத்தைப் பொறுத்தும் மாறும். அக்டோபரில் ஆரம்பிப்பவருக்கு ஜனவரிக்குள்ளேயே அந்த 7,900 தேவைப்படும். அக்டோபரில் போனஸ் வருகிறதே என்றால், வருகிறது, அதில் 8,000-ஐத் துணிக்கடைக்கும் பட்டாசுக் கடைக்கும் போகாமல் எடுத்து வைக்க முடிந்தால் ஜனவரி தானாகக் கடந்துவிடும். முடிந்த வீடுகள் குறைவு.

தவணை, வாடகை, ஏலச் சீட்டுப் பணம் மாதிரி ஒரு மாதமும் தவற முடியாத செலவுகளுக்குச் சராசரியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். குறைந்த மூன்று மாதங்களை எடுங்கள். நம் ஆளுக்கு 12,448, 13,686, 14,440. இந்த மாதங்களிலும் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மின்சாரம் போக என்ன மிஞ்சுமோ அதற்குள் அடங்கும் தவணைதான் கட்டக்கூடிய தவணை. சராசரியை வைத்து முடிவு செய்ய வேண்டியவை வேறு: வருடத்தில் எவ்வளவு சேமிக்கலாம், அடுத்த வருடம் பிள்ளையைப் பெரிய பள்ளியில் போடலாமா, வீட்டு வாடகை ஏறினால் தாங்குமா போன்றவை.

சம்பளம் ஏறினால்

நடுவில் ஊதிய உயர்வு வந்தவருக்குப் பழைய மாதங்கள் சராசரியைக் கீழே இழுக்கும். அப்போது ரூபாயைச் சராசரி போடாமல், நிலையான சம்பளத்துக்கு இப்போதைய விகிதத்தை எடுத்துக்கொண்டு, ஓ.டி.க்கு மணிநேரத்தைச் சராசரி போடுங்கள். 12 மாதத்து ஓ.டி. மணிநேரத்தைக் கூட்டி 12-ஆல் வகுத்து, இன்றைய ஓ.டி. கூலியால் பெருக்குங்கள். ஓ.டி. கூலி சம்பளத்தை வைத்து வருவது, அதனால் சம்பளம் ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும். மணிநேரம் சீட்டில் இல்லாவிட்டால் பஞ்சிங் ரிப்போர்ட்டில் இருக்கும். ஏறிய ஊதியத்தை மட்டும் பார்த்து ஓ.டி.யும் இதே அளவு இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள், உயர்வு கொடுத்த பிறகு ஓ.டி.யைக் குறைத்து ஒப்பந்தத் தொழிலாளர்களை எடுக்கும் கம்பெனிகள் உண்டு. உயர்வு வந்த பிறகான மூன்று நான்கு மாதத்து ஓ.டி. மணிநேரத்தை, போன வருடம் அதே மாதங்களோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டவணையை ஒரு முறை போட்டுவிட்டால் பிறகு வேலை கொஞ்சம்தான். புதுச் சீட்டு வந்ததும் கீழே ஒரு வரி சேர்த்து, சூத்திரத்தின் வரம்பை ஒரு வரி கீழே நகர்த்துங்கள், `D3:D14` என்று. மேலே உள்ள பழைய மாதத்தை அழிக்க வேண்டாம், போன வருடத்து ஜனவரி எப்படி இருந்தது என்று இந்த வருடம் டிசம்பரில் பார்க்க அது வேண்டியிருக்கும்.